ஏழாம் ஆண்டிலும் தீராத கடன்: எங்கள் தேயிலை ஆலையின் இயக்குநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், இயக்குநர்கள், கொழுந்து கொடுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

பொருள்: டிரையருக்குப் புதிய ஹீட்டர் வாங்கும் திட்டத்தின் கணக்கு.

வணக்கம். நம் கோத்தகிரிப் பக்கத்து ஆலையின் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் ஹீட்டர் ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகிறது. அதற்கு முன் இதை எல்லோரும் படித்துவிட வேண்டும் என்பதால், மேலாளர் வழியாகக் கொடுத்த குறிப்போடு நிறுத்தாமல் பொதுவிலும் எழுதுகிறேன்.

திட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பழைய ஹீட்டர் விறகை விழுங்குகிறது. புதியது வந்தால் ஆண்டுக்கு 250 டன் விறகு மிச்சம். இன்றைய விலை டன்னுக்கு 4,000 ரூபாய் என்றால், 10 லட்சம். ஹீட்டரின் விலை 64 லட்சம், வங்கிக் கடன் வட்டி 11 சதவீதம், கணக்கில் எடுத்துக்கொண்ட ஆயுள் ஏழு ஆண்டுகள். விற்பனையாளர் தந்த எக்செல் தாள், எல்லாம் போக இன்றைய மதிப்பில் 8.7 லட்சம் லாபம் என்று காட்டுகிறது.

அந்தத் தாளை ஒரு பக்கச் சுருக்கமாகத் தட்டச்சு செய்வதுதான் எனக்குக் கொடுத்த வேலை. சந்தேகப்படச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஆனால் தாளைப் புரட்டிப் பார்த்த மூத்த இயக்குநர் ஒருவர், "இந்த இன்றைய மதிப்பெல்லாம் இருக்கட்டும். கடன் எப்ப தீரும்? அதை மட்டும் சொல்லும்மா" என்றார். தாளில் அதற்குப் பதில் இல்லை. சரி, கடன் பேரேடு போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

64 லட்சம் கடன். ஒவ்வோர் ஆண்டும் 11 சதவீத வட்டியைச் சேர்த்து, விறகில் மிச்சமாகும் பணம் முழுவதையும் கட்டிக் கழிக்க வேண்டும். விறகு விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் என்று தாளில் இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டேன். முதல் ஆண்டு வட்டி 7.04 லட்சம், மிச்சம் 10.6 லட்சம். பாக்கி 60.44 லட்சம். இரண்டாம் ஆண்டு முடிவில் 55.85. இப்படியே போனால் ஏழாம் ஆண்டு மிச்சம் 15 லட்சமாக வளர்ந்துவிடுகிறது. அதையும் கட்டிய பிறகு வங்கிக்கு இன்னும் 11.5 லட்சம் பாக்கி நிற்கிறது.

லாபம் 8.7 லட்சம் என்ற திட்டத்தில் கடனே அடையவில்லை. இரண்டில் ஒன்று தப்பாக இருக்க வேண்டும். பேரேட்டை மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் தாளின் சூத்திரங்களைத் திறந்தேன்.

```
C12:  =$B$5*(1+$B$4)^C$11
B14:  =NPV(B6-B4, C12:I12)-B7
```

B4 என்பது விலைவாசி ஏற்றம், 6 சதவீதம். B5 மிச்சமாகும் 10 லட்சம், B6 வட்டி, B7 ஹீட்டரின் விலை, C11 எத்தனையாவது ஆண்டு என்ற எண். முதல் வரி, வருங்கால மிச்சத்தை ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏற்றுகிறது. இரண்டாம் வரி, அந்தத் தொகைகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும்போது 11 சதவீதத்துக்குப் பதிலாக, 11-இலிருந்து 6-ஐக் கழித்து 5 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதே B4 இரண்டு இடத்தில் வேலை செய்கிறது, இரண்டு இடத்திலும் திட்டத்துக்குச் சாதகமாக.

விற்பனையாளரின் ஆளிடம் கேட்டேன். "மேடம், வட்டியில் விலைவாசியைக் கழித்துத்தான் உண்மையான வட்டி பார்ப்பார்கள், அது சரியான முறைதானே?" என்றார். சரியான முறைதான். வங்கி 11 சதவீதம் கேட்பதிலேயே, திரும்பி வரும் ரூபாய்க்கு அன்று மதிப்பு குறைந்திருக்கும் என்பதற்கான ஈடும் அடங்கியிருக்கிறது. அதைக் கழித்துவிட்டால், மிச்சத்தையும் இன்றைய விலையில், ஆண்டுக்கு 10 லட்சம் என்றே வைத்திருக்க வேண்டும். மிச்சத்தை விலைவாசியோடு ஏற்றினால் 11 சதவீதத்திலிருந்து எதையும் கழிக்கக்கூடாது. தனித்தனியே இரண்டும் பாடப்புத்தக முறை. ஒரே தாளில் சேர்ந்ததுதான் வினை. அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேர் செய்த தாள்களை ஒட்டியது போலத்தான் எனக்குப் படுகிறது.

திருத்திப் போட்டால், ஏழு ஆண்டு மிச்சத்தின் இன்றைய மதிப்பு 72.7 லட்சம் அல்ல, 58.5 லட்சம். 64 லட்சம் கொடுத்து வாங்கினால் சுமார் 5.5 லட்சம் நட்டம். விலைவாசியை முழுக்க எடுத்துவிட்டுப் போட்டாலும் இதே விடைதான் வருகிறது. ஆனால் அதற்கு வெறுமனே 6-ஐக் கழிக்காமல் 1.11-ஐ 1.06-ஆல் வகுக்க வேண்டும். அப்போது உண்மையான வட்டி 5 அல்ல, 4.72 சதவீதம். இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நின்றால்தான் கணக்கில் நம்பிக்கை வரும். அந்த 5.5 லட்சம் ஏழு ஆண்டு வட்டியோடு வளர்ந்ததுதான் என் பேரேட்டில் நின்ற 11.5 லட்சம்.

சூத்திரம் படிக்க வேண்டாம் என்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். தாளில் B4-ஐ 6-இலிருந்து 8 ஆக்குங்கள். லாபம் 8.7 லட்சத்திலிருந்து 21 லட்சமாகத் தாவும். நிலையான வட்டியில் கடன் வாங்கியவருக்கு விலைவாசி ஏறினால் கொஞ்சம் அனுகூலம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் திருத்திய தாளில் அதே 8 சதவீதம் போட்டாலும் மிச்சத்தின் மதிப்பு 62.8 லட்சம்தான். அப்போதும் 64-ஐ எட்டவில்லை.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. மிச்சத்தை ஏற்றாமல் 10 லட்சமாகவே வைத்து, வட்டியை மட்டும் முழு 11 சதவீதமாகப் போட்டால் மதிப்பு 47 லட்சத்துக்கு இறங்கிவிடும். அப்படிப் போட்டு நல்ல திட்டத்தைக் கைவிட்டவர்களும் இருப்பார்கள். ஆகவே "இந்தத் திட்டமே வேண்டாம்" என்பது என் வாதம் அல்ல.

நட்டத்திலிருந்து வெளியே வர இரண்டு வழி இருக்கிறது. விலையை 58.5 லட்சத்துக்குக் குறைக்கச் சொல்லலாம். அல்லது மிச்சம் இன்றைய விலையில் ஆண்டுக்கு 10.95 லட்சம், அதாவது 274 டன் விறகு, என்று காட்ட வேண்டும். இன்னும் 24 டன். இது நடக்காத காரியம் இல்லை. 250 டன் என்ற எண் பிப்ரவரியில் வேறோர் ஆலையில் எடுத்த சோதனையிலிருந்து வந்தது. வறண்ட காற்றில் கொழுந்து தானே வாடும். ஜூன், ஜூலையில் மஞ்சும் மழையும் சேர்ந்து ஈரக் கொழுந்து வரும்போது வாடவைக்கும் தொட்டிக்கும் சூடான காற்று விட வேண்டியிருக்கிறது. நம் விறகுக் கொள்முதல் பதிவேட்டில் மழை மாதங்கள் தனியாகத் தெரியும். அப்போது மிச்சம் கூடுதலாகவே இருக்கலாம், அளந்தால்தான் தெரியும்.

இன்னொன்று, விறகு ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் என்பதும் விற்பனையாளர் போட்ட எண். பொது விலைவாசி ஏறுவதால் கற்பூர மர விறகும் அதே வேகத்தில் ஏறும் என்று கட்டாயம் இல்லை. குன்னூர் ஏலத்தில் நம் தூள் விலை அப்படி ஏறுவதில்லை என்பது உறுப்பினர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விறகுக்கு நம் பழைய பில்களே ஆதாரம். எடுத்து அடுக்கித் தருகிறேன்.

"கிளார்க்குக்கு ஏன் இந்த வேலை" என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு கிளம்பியிருப்பது காதில் விழுந்தது. கடனுக்குத் தவணை கட்டும் வவுச்சரை எழுதப் போவது நான்தான்.

குழுவிடம் கேட்பது இது: கையெழுத்தை மழைக்காலம் முடியும்வரை தள்ளிவையுங்கள். அதற்குள் விற்பனையாளர் மழை மாதத்தில் ஒரு சோதனை காட்டட்டும், திருத்திய தாளில் கடன் பேரேட்டையும் சேர்த்துக் கொடுக்கட்டும். என் பேரேட்டின் பிரதி அலுவலக மேசையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து கூட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு எழுத்தர்