நிலவைக் காட்டிக்கொடுத்த அக்காவுக்கு நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை எழுதுவது.

அந்த மழையில் நம் பள்ளிக்கு நேர்ந்ததை உங்களிடம் விவரிக்கத் தேவையில்லை. பிள்ளைகள் இப்போது மீண்டும் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள், அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. சமுதாயக் கூடத்தைத் திறந்துவிட்ட ஊராட்சியாருக்கும், பாய்களும் கரும்பலகையும் சுமந்து வந்த இளைஞர்களுக்கும், சன்னல்களை மறைக்கக் கருப்புத் துணி தந்த தையல்கடை அண்ணனுக்கும் என் வணக்கம். மைக் செட் வைத்திருக்கும் தம்பி தன் பரணில் தேடி ஒரு பழைய குண்டு பல்பையும் ஹோல்டரையும் எடுத்து வந்தார். இப்போதைய எல்.இ.டி. பல்பு பெரும்பாலும் முன்பக்கம்தான் ஒளியைத் தள்ளும். பழைய குண்டு பல்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராக எரியும், சூரியனாக நடிக்க அதுதான் பொருத்தம்.

நிலவுப் பாடத்தை இந்தக் கலவரத்தில் தள்ளிப்போடத்தான் பலரும் சொன்னார்கள். ஆனால் பிள்ளைகள் மூன்றாம் பிறையிலிருந்தே குறிப்பட்டை எழுதத் தொடங்கியிருந்தார்கள். தேதி, நேரம், திசை, அடிவானத்திலிருந்து எத்தனை முட்டி உயரம், வடிவம் என்று ஒவ்வொரு மாலையும் எழுதுவார்கள். கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அது வானத்தில் ஏறக்குறைய பத்துப் பாகையை மறைக்கும். பிள்ளையின் முட்டி சிறியது, கையும் குட்டையானது என்பதால் கணக்கு பெரிதாக மாறாது. அதே நேரத்துக்குப் பார்த்தால் நிலா நாளுக்கு ஒரு முட்டியைவிடச் சற்று அதிகமாகக் கிழக்கே நகர்ந்திருப்பதை அட்டையே அவர்களுக்குக் காட்டியது. முதல் நாட்களில் எல்லோரும் பிறையைப் படகு மாதிரி, கொம்புகள் மேல்நோக்கி வரைந்திருந்தார்கள். பல படங்களில் பிறை நெட்டுக்குத்தாக நிற்கும். அது வடக்கே வெகுதூரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும் வானம். நம் ஊரில் பிறை மல்லாந்துதான் கிடக்கும். அதனால் ஒரு படத்தையும் நான் திருத்தவில்லை.

கருப்புத் துணி கட்டிய அறையில் பாடம் நன்றாகவே போனது. பல்பு மேசைமேல், பிள்ளையின் தலை உயரத்தில். தெர்மாகோல் பந்தைப் பென்சிலில் குத்திக் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். பந்துதான் நிலா, பிடிப்பவரின் தலைதான் பூமி. பல்பைப் பார்த்து நின்றால் பந்தின் இருண்ட பக்கம் தெரியும், அது அமாவாசை. அங்கிருந்து இடப்பக்கமாகத் திரும்பத் திரும்பப் பிறை, பாதி, முழு நிலா என்று வளரும். பல்புக்கு முதுகு காட்டும்போது பந்தைத் தலைக்குச் சற்று மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தலையின் நிழல் பந்தில் விழுந்து, பௌர்ணமி சந்திர கிரகணமாகிவிடும். நிலவின் பாதை சுமார் ஐந்து பாகை சாய்ந்திருப்பதால்தான் ஒவ்வொரு பௌர்ணமியும் கிரகணமாவதில்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

ஆனால் அந்த நிழல் ஒரு வினையை இழுத்துவிட்டது. நிலா தேய்வதே பூமியின் நிழலால்தான் என்று வகுப்பில் பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். பந்தில் நிழல் விழுந்ததைக் கண்ணால் பார்த்தார்களே, எப்படி விடுவார்கள்? பௌர்ணமி கழிந்ததும் அட்டைகளும் வெறிச்சோடின. நிலா நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தாமதித்து எழும். நாலைந்து நாளில் அது கிளம்பும்போது இரவு பத்தை நெருங்கிவிடும், பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். ‘நிலா வரவில்லை’ என்று வரிசையாக எழுதினார்கள். இருவர் மட்டும் மேகம் மூடிய இரவுகளிலும் அழகாகப் படம் போட்டிருந்தார்கள். நாள்காட்டியைப் பார்த்து வரைந்தது என்பது சொல்லாமலே தெரிந்தது.

இந்த இடத்தில்தான் காலை உணவு சமைக்கும் அக்கா வந்தார். மகளிர் குழுவிலிருந்து வருபவர், விடியுமுன்பே அடுப்படியில் இருப்பவர். ஒரு காலை உப்புமா பரிமாறிக்கொண்டிருந்தபோது, அட்டையைக் காட்டி நிலா வரவில்லை என்று முறையிட்ட சிறுமியிடம், “வராமல் எங்கே போகும்? நான் அடுப்புப் பற்றவைக்கும்போது உச்சியில் இருந்தது. இதோ, இப்போது இந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது” என்று கரண்டியால் மேற்கு வானத்தைக் காட்டினார். தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள். வெயில் அடிக்கிறது, நீல வானத்தில் வெளுத்த பாதி நிலா நிற்கிறது. தட்டுகளை வைத்துவிட்டு எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

நான் ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்தேன். நிலா இருக்கும் திசையில், அதன் பக்கத்திலேயே தெரியும்படி, வெயிலில் பந்தைப் பிடிக்கச் சொன்னேன். பந்தில் எந்தப் பாதி ஒளிர்ந்ததோ அதே பாதிதான் நிலவிலும் ஒளிர்ந்தது, சாய்வுகூட மாறவில்லை. இரண்டுக்கும் விளக்கு ஒன்றே. பிறகு, “உங்கள் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?” என்று கேட்டேன். சூரியன் கிழக்கே, நிழல்கள் மேற்கே தரையில் நீண்டு கிடந்தன. பூமியின் நிழலும் அந்தப் பக்கம்தான், கீழ்நோக்கி, அடிவானத்துக்கு அடியில் போகும். நிலாவோ மேலே வெயிலில் நிற்கிறது. நிழல் அதை எப்படித் தொடும்? நிழல் கட்சிக்காரர்களில் மிகவும் பிடிவாதமான பையன் பந்தை ஏழெட்டு முறை உருட்டிப் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் இது நிலாவின் சொந்த இருட்டு” என்றான். அறைக்குள் நான் பேசிப் பேசியும் வராத சொல் அது.

அக்கா செய்தது அதோடு முடியவில்லை. மறுநாள் அடுப்படிச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு நிலா வரைந்திருந்தது, பக்கத்தில் ‘5 மணி’. யாரும் கேட்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு விடியலிலும் ஒரு படம் சேர்ந்தது. எந்த மரத்துக்கு நேராக என்று ஒரு கோடும் இழுத்திருப்பார். மேகம் மூடிய நாளில் ‘மேகம்’ என்று மட்டும் எழுதியிருந்தார், நாள்காட்டியைப் பார்க்கவில்லை. பாதி நிலா பிறையாகி, உச்சியிலிருந்து கிழக்கே இறங்கி, அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு புளியமரத்துக்குச் சற்று மேலே நூல் போலக் கிடந்தது. அந்த ஒற்றைப் படத்துக்கு ‘5½’ என்று நேரம் போட்டிருந்தார், ஐந்து மணிக்கு அது மரத்துக்குப் பின்னால் இருந்திருக்கும். பிள்ளைகள் தங்கள் அட்டைகளின் காலி இடத்தை அந்தச் சுவரைப் பார்த்து நிரப்பினார்கள். ‘அக்கா பார்த்தது’ என்று குறித்துத்தான் எழுத வேண்டும் என்றேன், எழுதினார்கள். மார்கழிக் கோலம் போட எழுந்த அம்மாக்கள் சிலர் பிள்ளைகளையும் வாசலுக்கு இழுத்துவந்து பார்க்க வைத்ததாகப் பிறகு அறிந்தேன். உங்களுக்கும் நன்றி.

அக்காவிடம் நன்றி சொன்னபோது, “தினம் பார்ப்பதுதானே டீச்சர், கூட ஒரு கோடு இழுத்தேன்” என்றார். சம்பளம் வாங்கிக்கொண்டு வானம் சொல்லிக்கொடுக்கும் நான் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? விடியலில் விழித்திருப்பவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! பால்காரர், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர், முதல் பஸ் ஓட்டுநர். தேய்பிறை முழுவதும் அவர்கள் கண்முன்னால்தான் நடக்கிறது.

இனி என் குறிப்பட்டையில் மாலைக்கு ஒரு கட்டம், காலைக்கு ஒரு கட்டம் என்று இரண்டு இருக்கும். அடுத்த அட்டைகள் அச்சாகி வந்துவிட்டன. பிள்ளைகள் இல்லாத வீட்டிலும் யாராவது எழுத விரும்பினால் சமுதாயக் கூடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், பென்சில் நான் தருகிறேன். முதல் அட்டையை அக்காவின் பெயர் எழுதி அடுப்படியில் வைத்துவிட்டேன்.