சிவப்புச் சுவிட்ச்

வெள்ளவத்தை
2025 ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. கொம்பியூட்டருக்குக் காசு கேட்கிற பிள்ளை கோடு போட்டு, மூன்று கணக்காகப் பிரித்துத் தபாலில் அனுப்புவான் என்று நான் நினைக்கவே இல்லை. கடைக்கு வந்த இரண்டு பேருக்குக் காட்டினேன். போனில் கேட்டிருந்தால் குரலையாவது கேட்டிருக்கலாம் என்று அம்மா சொன்னா.

மூன்றாவது கணக்கை, அந்த 285,000 ரூபாய்க்காரனை, முதலிலேயே தள்ளிவிட்டேன். ஜாவா எழுதவும் டேட்டாபேஸ் படிக்கவும் தனிக் கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை என்று நீயே பக்கத்தில் எழுதியிருக்கிறாய். பிறகு அது ஏன் அங்கே நிற்கிறது? மற்ற இரண்டையும் மலிவாகக் காட்டத்தானே. நானும் முப்பது வருஷம் கடை வைத்திருக்கிறேன் தம்பி.

முதலாவது, பழைய ஒபீஸ் மெஷின், மொனிட்டரோடு 48,000. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. சனிக்கிழமை பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் அதே மாதிரி ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னேன். ஐ5 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கு ஒக்ரோபர் 14 உடன் மைக்ரோசொப்டின் ஆதரவு முடிகிறது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் என்கிறார்கள். லினக்ஸ் போட்டால் ஓடும், ஆனால் ரேம் பிரச்சினை அதோடு தீராது. அடுத்த வருஷம் அன்ட்ரொயிட் ஸ்டூடியோ வரும் என்று எழுதியிருந்தாயே, அக்காவின் ஒபீஸ் மெஷினில் அதைத் திறந்து பார்க்கச் சொன்னேன். விண்டோஸுக்கு மூன்று, ஸ்டூடியோவுக்கு மூன்று, அதற்குள் ஓடும் பொய்ப் போனுக்கு இன்னொரு மூன்று, குரோமுக்கு இரண்டு. ஆகப் பதினொரு ஜிபி. எட்டில் பதினொன்றை அடைத்தால் மிச்சத்தை மெஷின் டிஸ்க்கில் வைத்து வைத்து எடுக்கும். டாஸ்க் மனேஜரில் மெமரி தொண்ணூறைத் தாண்டி நிற்கும், டிஸ்க் லைட் அணையாது, நீ மவுஸைத் தட்டிக்கொண்டிருப்பாய். ரேமைக் கூட்டலாம், சரி. ஆனால் அந்தச் சின்னப் பெட்டிகளின் பவர் சப்ளை அந்தந்தக் கம்பனியின் சொந்த அளவு. அது போனால் கடையில் இருக்கிற சாதாரண சப்ளை உள்ளே போகாது, கேபிளும் சேராது. அங்கே யாழ்ப்பாணத்தில் அதைத் தேடி அலையப்போவது நீ.

ஆகவே இரண்டாவதுதான், புதிதாகப் பூட்டுவது. நீ போட்ட 162,500 சரியான கணக்கு. 16 ஜிபியை ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு எழுதியிருக்கிறாய், அதுவும் சரி. தனிக் கார்ட் இல்லாத மெஷினில் படம் காட்டுகிற வேலையும் ரேமில்தான் நடக்கிறது, இரண்டு துண்டு என்றால் இரண்டு வழியில் போய்வரும். இதை உனக்கு யார் சொல்லித்தந்தார்கள்? நான் சொல்லித்தரவில்லை.

ஒரு இடத்தில் கவனம். நீ எழுதியது ரைசன் 5 5600G. நான் கேட்ட கடையில் கொட்டேஷனில் வெறும் 5600 என்று அடித்துத் தந்தார்கள், 5,000 ரூபாய் குறைவு. G இல்லாததற்குள்ளே கிராபிக்ஸ் இல்லை. எல்லாம் பூட்டி, போர்டின் பின்பக்க எச்டிஎம்ஐயில் மொனிட்டரைக் கொழுவினால் காற்றாடி சுற்றும், லைட் எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. மெஷின் பழுது என்று திருப்பிக் கொண்டுபோவாய், பழுது இல்லை என்று அவர்கள் ஒரு கார்டை விற்பார்கள். பெட்டியின் மேல் அந்த G இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடு.

உன் கணக்கில் யூபிஎஸ் இல்லை. 14,500 போட்டுக்கொள், 650 விஏ போதும். உன் மெஷினும் மொனிட்டரும் சேர்ந்து நூற்றைம்பது வாட்டுக்கு மேலே அபூர்வமாகத்தான் இழுக்கும், கரண்ட் போனால் சேவ் பண்ணி நிறுத்த அது நேரம் தரும். ஆக 177,000. மொனிட்டரில் வேண்டுமானால் குறை, யூபிஎஸ்ஸில் குறைக்காதே. சீட்டு ஓகஸ்ட்டில் விழும், அதற்கு முன்னே வேண்டுமென்றால் சொல், எடுக்கலாம்.

மூன்று கணக்கிலும் லப்டொப் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. இதே வேலை செய்கிற லப்டொப் இரண்டரை லட்சத்துக்குக் கிட்ட வரும், பிறகு ரேம் கூட்டுவதும் கஷ்டம், நீ சொல்வது நியாயம்தான். ஆனால் லப்டொப் என்றால் பையில் போட்டுக்கொண்டு இரவு பஸ்ஸில் ஏறலாம். டெஸ்க்டொப் அறையோடு கிடக்கும், அதை வைத்திருக்கிறவனும் அங்கேயேதான். பொங்கலுக்கும் சோதனை என்றாய். சித்திரை வருஷத்துக்கும் அசைன்மென்ட் என்றாய். இருக்கும். படிக்கிற பிள்ளைக்கு இருக்கத்தானே செய்யும். யூபிஎஸ்ஸை மறந்துவிடாதே.

பவர் சப்ளை வாங்கும்போது ஸ்டிக்கரில் 100–240V என்று இருக்கிறதா பார். பின்னால் சிவப்புச் சுவிட்ச் உள்ள பழைய மொடல் எதையும் வாங்காதே.

இதை எழுதிவிட்டுப் பேனையை மூடி வைத்தேன். பிறகு திரும்ப எடுத்தேன்.

2022இல், கரண்ட் போய்ப்போய் வந்த அந்த நாட்களில் உன் கொம்பியூட்டர் வெடித்ததே. விடிய விடிய கேம் விளையாடி எரித்தான் என்று நான் மாமா வீட்டிலும் சொன்னேன், உன் சிநேகிதர்கள் முன்னாலும் சொன்னேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மத்தியானம் தூசி தட்டவென்று அதைக் கழற்றியது நான். அந்தச் சின்னச் சிவப்புச் சுவிட்ச் ஸ்க்ரூ டிரைவர் பட்டு 230இலிருந்து 115க்குப் போய்விட்டது. 115இல் இருந்தால் சப்ளை வருகிற வோல்டேஜை இரட்டிப்பாக்கும். இங்கே வருவதோ 230. முந்நூற்றுச் சொச்சம் வோல்ட் தாங்க வேண்டிய இடத்தில் அறுநூற்றைம்பது நின்றால் கெப்பாசிட்டர் என்ன செய்யும்? நீ வந்து பவர் சுவிட்சைப் போட்டாய். பின்னேரம் கழற்றிப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. டிவி மெக்கானிக் என்று போர்ட் போட்டிருக்கிறவன் அதை வாயால் சொல்ல முடியாமல் சுவிட்சை 230க்குத் தள்ளி வைத்தேன்.

மெஷினின் மதர்போர்டும் போனது உண்மை. டிஸ்க் போகவில்லை. போனது என்று உனக்குச் சொன்னது பொய். அடுத்த கிழமையே கடையில் யூஎஸ்பி கேபிளில் கொழுவிப் பார்த்தேன், ஏஎல் புரொஜெக்ட் என்று நீ பெயர் போட்ட போல்டர் அப்படியே இருக்கிறது. திறக்கவில்லை. தந்தால் எப்படித் தப்பியது என்று கேட்பாய் என்றுதான் வைத்திருந்தேன். அம்மாவுக்கும் தெரியாது, நேற்றுத்தான் சொன்னேன். இன்னும் சரியாகப் பேசவில்லை.

டிஸ்க் மேசை லாச்சியில் துணி சுற்றி இருக்கிறது. நீ வாங்கப்போகும் போர்டில் சாட்டா இடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன், நேரே கொழுவலாம். காசை நாளைக்கே பாங்கில் போட்டுவிடுவேன். டிஸ்க்கைப் பஸ்காரனிடம் கொடுத்துவிட மனம் வரவில்லை, அடி பட்டால் போய்விடும்.

அப்பா