பில்லில் ஒரு சத்திரசிகிச்சை, அட்டையில் இன்னொன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மனைவிக்குப் பித்தப்பைக் கல்லுக்காக மட்டக்களப்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. காப்புறுதிக்கு அனுப்பிய விண்ணப்பம் ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. அனுமதிக்கு முந்திய செலவு சேர்க்கப்பட்டுள்ளது, சத்திரசிகிச்சையின் பெயர் பில்லோடு பொருந்தவில்லை என்று இரண்டே வரி. பில்களை எல்லாம் ஒரு கவருக்குள் அள்ளிப் போட்டு அனுப்பியவன் நான்தான்.

கல்முனைக்கு வந்து விறாந்தையில் கடதாசிகளைப் பரப்பினேன். 11ஆம் திகதி இரவு 10.50க்கு அவசர சிகிச்சைப் பிரிவில் காட்டினோம். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அங்கேயே முடிந்தன. வார்டில் கட்டில் கிடைத்தபோது 12.20. கணினி அதைத்தான் அனுமதி நேரமாக எடுத்து, திகதியை 12 என்று போட்டுவிட்டது. ஆகவே ஸ்கேன் பில் அனுமதிக்கு முந்திய நாள் செலவாகிவிட்டது.

அடுத்தது சத்திரசிகிச்சை. பில்லில் லப்பரஸ்கோபி என்றிருக்கிறது, நோய் நிர்ணய அட்டையில் வயிற்றைத் திறந்து செய்ததாக இருக்கிறது. இரண்டும் பொய்யில்லை. துளை போட்டுத்தான் தொடங்கினார்கள். உள்ளே ஒட்டிப்போயிருந்ததால் நடுவில் திறந்தார்கள். பில் போட்டவர் முதலில் பதிந்த பெயரை மாற்றவில்லை. ஏன் திறந்தார்கள் என்ற விளக்கம் தியேட்டர் குறிப்பில் மட்டும்தான் இருந்தது. அதன் பிரதியை நான் விண்ணப்பத்தோடு வைக்கவில்லை.

12ஐ 11 ஆக்கிவிடு, ஒரு கோடுதானே என்றார் மச்சான். பேனை பட்ட அட்டையைப் பார்த்தால் மற்றக் கடதாசிகளையும் சந்தேகிப்பார்கள். நோயாளி எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு வார்டுக்குப் போனார் என்று வைத்தியரிடம் கடிதம் வாங்கி முத்திரையும் வைப்பித்தேன். தியேட்டர் குறிப்பின் பிரதியையும், பில் பிரிவில் திருத்திய பில்லையும் கேட்டு வாங்கினேன். இதற்கு இரண்டு நாள் பஸ் ஏறினேன். அப்புறம் நடந்ததை நேர வரிசையில் ஒரே பக்கத்தில் எழுதினேன். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அதற்குரிய கடதாசியின் இலக்கம். உதாரணத்துக்கு ஒன்று: “12ஆம் திகதி காலை லப்பரஸ்கோபியாகத் தொடங்கி, ஒட்டுக்கள் காரணமாகத் திறந்த சத்திரசிகிச்சையாக மாற்றப்பட்டது - தியேட்டர் குறிப்பு, இணைப்பு 4, திருத்திய பில், இணைப்பு 5.” காகிதத்தில் இல்லாத எதையும் எழுதவில்லை.

எழுதும்போதுதான் என் பிழையும் தெரிந்தது. முற்பணம் 50,000 ரூபாயின் பற்றுச்சீட்டை இறுதி பில்லோடு கூட்டியிருந்தேன். இறுதி பில்லின் மொத்தத்தில் அது ஏற்கெனவே அடக்கம்.

பணம் வந்தது, நோயாளியின் பெயர் இல்லாத ஒரு பார்மசி பில் நீங்கலாக. வைத்தியசாலைகளிடம் கேட்பது இரண்டுதான்: துண்டு வெட்டும்போது தியேட்டர் குறிப்பின் பிரதியையும் தாருங்கள்; அட்டையில் வந்த நேரத்தையும் கட்டில் கிடைத்த நேரத்தையும் தனித்தனியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கல்முனை.