பொருள்: மிளகாய்க்கான மருந்து அளவு தமிழ்ப் பிரசுரத்தில் தவறாக அச்சாகியிருப்பது குறித்த புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா / அம்மா,

உங்கள் நிறுவனத்தின் இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல்., 100 மி.லி. பாட்டில் ஒன்றை என் அப்பா வாங்கினார். எங்களுக்கு 40 சென்ட் மிளகாய் இருக்கிறது. இலைப்பேன் விழுந்து இலையெல்லாம் மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. பாட்டிலோடு மடித்து வைத்திருந்த தமிழ்ப் பிரசுரத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் அப்பா மருந்து அடித்தார். படிக்காமல் அடிக்கிற ஆள் இல்லை அவர். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியிருக்கிறது.

பிரசுரத்தின் தமிழ்ப் பக்கத்தில் மிளகாய்க்கு நேராக "ஏக்கருக்கு 125 - 250 மி.லி." என்று இருக்கிறது. அதே தாளைத் திருப்பினால் ஆங்கிலப் பக்கத்தில் அதே 125 - 250 மி.லி.தான், ஆனால் ஹெக்டேருக்கு. ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். எண்களை அப்படியே விட்டுவிட்டு, மேலே இருந்த தலைப்பை மட்டும் யாரோ ஏக்கர் என்று மாற்றியிருக்கிறார்கள். இங்கே யாரும் ஹெக்டேர் கணக்குப் பேசுவதில்லை என்று நல்லெண்ணத்தில் செய்த மாற்றமாகக்கூட இருக்கலாம். ஆனால் தலைப்பை மாற்றினால் எண்ணையும் மாற்ற வேண்டும். 50 - 100 மி.லி. என்று வந்திருக்க வேண்டிய இடம் அது.

எங்கள் 40 சென்ட்டுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். 16 லிட்டர் கைத்தெளிப்பானில் ஐந்து டேங்க் அடித்தால் நிலம் முழுக்க நனைந்துவிடும். உங்கள் ஆங்கிலப் பக்கத்துக் கணக்குப்படி இந்த நிலத்துக்கு மொத்தம் 20 முதல் 40 மி.லி. போதும். அதாவது டேங்குக்கு 4 முதல் 8 மி.லி. தமிழ்ப் பக்கத்தை நம்பி, பூச்சி அதிகமாக இருக்கிறதே என்று அப்பா உச்ச அளவை எடுத்துக்கொண்டார். டேங்குக்கு இரண்டு மூடி. அந்த மூடியை நான் பிறகு ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து பார்த்தேன், 10 மி.லி. பிடிக்கிறது. ஐந்து டேங்கில் பாட்டில் காலி. இரண்டு மூன்று தடவைக்கு வர வேண்டிய மருந்து ஒரே காலையில் செடியிலும் மண்ணிலும் இறங்கிவிட்டது. தமிழ்ப் பக்கத்தின் குறைந்த அளவைப் போட்டிருந்தாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. அதுவே டேங்குக்கு 10 மி.லி. வரும். சரியான உச்ச அளவையே தாண்டிவிடும்.

உங்கள் உதவி எண்ணில் பேசியவர், "தண்ணீர் அளவும் 500 - 700 லிட்டர் என்று போட்டிருக்கிறதே, அந்த விகிதத்தில் கலந்தால் சரியாகத்தானே வரும்" என்றார். ஏக்கருக்கு 500 லிட்டர் என்றால் முப்பது டேங்குக்கு மேல். முதுகில் சுமந்து கையால் அடிக்கிற யாரும் மிளகாய்க் கொல்லையில் அவ்வளவு அடிக்க மாட்டார்கள். அப்படியே அடித்தாலும் கரைசல்தான் சரியாக இருக்கும், நிலத்தில் விழும் மருந்து இரண்டரை மடங்காகவே இருக்கும். இதை அவரிடம் சொன்னபோது, "மேலிடத்துக்குத் தெரிவிக்கிறோம்" என்று வைத்துவிட்டார்.

அளவை விட எனக்கு அதிகக் கோபம் வந்தது அடுத்த கட்டத்தைப் பார்த்துத்தான். ஆங்கிலத்தில், கடைசியாக மருந்து அடித்ததற்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாள் 40 என்று தெளிவாக இருக்கிறது. தமிழில் "காத்திருப்புக் காலம்: 40 நாட்கள்", அவ்வளவுதான். எதற்காகக் காத்திருப்பது? அடுத்த தடவை மருந்து அடிக்க 40 நாள் பொறுக்கச் சொல்கிறார்கள் என்று அப்பா புரிந்துகொண்டார். அக்கம்பக்கத்தில் நான்கு பேரிடம் தாளைக் காட்டிக் கேட்டேன். மூன்று பேர் அதையேதான் சொன்னார்கள். நான்காமவர், "கடையில் பணம் கொடுக்கும் தவணையோ" என்று சிரித்தார். ஆறாம் நாள் பச்சை மிளகாய் பறித்தோம். சந்தைக்குப் போனது போக மீதி எங்கள் வீட்டுக் குழம்பில் விழுந்தது.

மிளகாய் ஒரே நாளில் அறுத்து முடிக்கிற பயிர் இல்லை. காய்க்கத் தொடங்கிவிட்டால் வாரம், பத்து நாளுக்கு ஒரு பறிப்பு. 40 நாள் பறிக்காமல் இருக்க யாராலும் முடியாது. ஆகவே அந்த வரியின் உண்மையான பொருள், "காய் பறிக்க ஆரம்பித்த செடிக்கு இந்த மருந்தை அடிக்காதீர்கள்" என்பதுதான். இதை ஒரு வாக்கியமாக எழுதியிருந்தால் அப்பா அந்தப் பாட்டிலையே வாங்கியிருக்க மாட்டார். (அதனால்தான் எழுதவில்லையோ என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.)

இன்னொன்று. "காற்றின் திசையில் நின்று தெளிக்கவும்" என்று பாதுகாப்புக் குறிப்பில் இருக்கிறது. காற்று போகிற பக்கம் போய் நின்றால் மருந்து அடிப்பவர் முகத்திலேயே விழும். "காற்று முதுகில் படும்படி நின்று அடிக்கவும்" என்று எழுதினால் குழப்பமே இல்லை. "தகுந்த பாதுகாப்பு உபகரணங்கள்" என்ற வரியும் அப்படித்தான். ஆங்கிலத்தில் கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். தமிழில் அது மூன்றே சொல்லில் சுருங்கிவிட்டது. அப்பா தோளில் கிடந்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் தலைவலி, குமட்டல் என்று படுத்துவிட்டார். மறுநாள் எழுந்துவிட்டார் என்பதால் அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

பூச்சிமருந்து விற்கப்படும் பகுதியின் மொழியிலும் பிரசுரம் இருக்க வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது. தமிழ் அச்சிட்டிருக்கிறோம் என்று நீங்கள் சொல்லலாம். அச்சிட்ட தமிழ் ஆங்கிலத்தில் இருப்பதற்கு நேர்மாறாக ஒரு வேலையைச் செய்ய வைத்தால் அது அந்த விதிக்கான பதில் ஆகாது.

பாட்டில் விலையைத் திருப்பிக் கேட்டு நான் எழுதவில்லை. இந்தத் தொகுப்பு எண்ணில் கடைகளில் மீதமிருக்கும் பாட்டில்களைத் திரும்பப் பெறுங்கள். முடியாவிட்டால் சரியான அளவு அச்சிட்ட ஒட்டுச்சீட்டை ஒவ்வொன்றிலும் ஒட்டுங்கள். அடுத்த அச்சில் ஏக்கர் கணக்கோடு, 16 லிட்டர் டேங்குக்கு எத்தனை மி.லி. என்று தனிக் கட்டம் போடுங்கள். மூடியில் 5 மி.லி. கோடு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. அச்சுக்குப் போகுமுன் மருந்து அடிக்கிற நான்கு பேரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, "இந்த டேங்குக்கு எவ்வளவு ஊற்றுவீர்கள், என்றைக்குக் காய் பறிப்பீர்கள், எந்தப் பக்கம் பார்த்து நிற்பீர்கள்" என்று மட்டும் கேளுங்கள். பதில் தப்பாக வந்தால் தப்பு அவர்களுடையது அல்ல.

பிரசுரத்தின் இரு பக்க நகல், பாட்டிலின் படம், கடை ரசீது மூன்றையும் இணைத்துள்ளேன். இதன் நகல் ஒன்றை எங்கள் வட்டாரப் பூச்சிமருந்து ஆய்வாளருக்கும் அனுப்பியிருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரவும். தமிழில்.

இப்படிக்கு,
மருந்து அடித்தவரின் மகள்