சம்பலுக்குப் பின் சூடான தேத்தண்ணி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த இதழின் வீட்டுக் குறிப்புகளில், கொச்சிக்காய் உறைப்பு தாங்காவிட்டால் சுடச்சுடத் தேத்தண்ணி குடிக்கும்படி எழுதியிருந்தீர்கள். எங்கள் லயன்களிலும் இப்படிச் சொல்வோர் உண்டு. ஆனால் அது எரிச்சலைக் கூட்டும். பிள்ளைகளுக்கு இப்படிக் கொடுத்துவிடக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

உறைப்பு, இனிப்பு புளிப்பு போல நாக்கு அறிகிற சுவை அல்ல. வாயிலுள்ள வலி நரம்புகளின் நுனியில் டிஆர்பிவி1 என்ற புரதம் இருக்கிறது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் அது திறக்கும். உடனே கல்சியமும் சோடியமும் நரம்புக்குள் பாய, 'சுடுகிறது' என்ற செய்தி மூளைக்குப் போகும். கொச்சிக்காயிலுள்ள கப்சைசின் இதே புரதத்தில் ஒட்டி, சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடுகிறது. நாக்கு வெந்துபோவதில்லை, ஆனால் மூளைக்கு வந்து சேருவது அதே செய்திதான். 1997இல் இந்தப் புரதத்தைக் கண்டறிந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய டேவிட் ஜூலியஸ், 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கப்சைசின் ஒட்டியிருக்கும்வரை, அந்தப் புரதம் 43 பாகைக்காகக் காத்திருப்பதில்லை. அதைவிடக் குறைந்த சூட்டிலேயே திறந்துகொள்ளும். சில வேளை வாயின் சொந்தச் சூடே போதும். ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்ற பிள்ளைக்கு 40 பாகையில் ஆறிய தேத்தண்ணியைக் கொடுத்துப் பாருங்கள். மற்ற நேரத்தில் வெதுவெதுப்பாக இருக்கிற அதே தேத்தண்ணி அப்போது சுடுகிறது என்று பிள்ளை கத்தும். அது நடிப்பல்ல. கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தால் என்ன ஆகும்?

பச்சைத் தண்ணி வாயில் இருக்கும்வரை சுகம் தரும். விழுங்கியதும் வாய் பழைய சூட்டுக்கு வர, எரிச்சலும் திரும்பும். கப்சைசின் தண்ணியில் கரைவது மிகச் சொற்பம் என்பதால் தண்ணி அதைக் கழுவி எடுப்பதில்லை. குளிர்ந்த பால் அல்லது தயிர் நல்லது: பாலிலுள்ள கேசின் என்ற புரதம் கப்சைசினைப் பிடித்துக்கொள்கிறது, கொழுப்பும் அதைக் கரைக்கிறது. ஒரு வாய் எடுத்துச் சற்று நேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கச் சொல்லுங்கள்.

'இதெல்லாம் ஒரு உறைப்பா' என்று பெரியவர்கள் பிள்ளையை அதட்டுவதும் நியாயமல்ல. கப்சைசின் அடிக்கடி பட்டால் அந்த நரம்பு நுனிகள் மந்தமாகிவிடும். நாள்தோறும் சம்பல் தின்கிற நமக்கு அப்படி ஆகிவிட்டது. பிள்ளைக்கு இன்னும் ஆகவில்லை.

அடுத்த இதழில் அந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிடுங்கள். கொச்சிக்காய் அரிந்த கைக்கும் தண்ணி மட்டும் போதாது என்பதையும் சேர்த்துவிடுங்கள்: முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
பண்டாரவளை