மொட்டைமாடியில் கூடுதலாக ஏற்றப்பட்ட எடை குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

பொருள்: பழைய தளத்தை உடைக்காமல் அதன்மேல் வாட்டக் கலவையும் கூல் டைல்ஸும் போட்டது, அகற்றிச் சரிசெய்து தரக் கோருதல்

சென்னையில் உள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நீர்க்கசிவை நிறுத்தக் கூல் டைல்ஸ் பதிக்கும் வேலையை உங்கள் நிறுவனத்திடம் கொடுத்திருந்தோம். வேலை முடிந்துவிட்டது என்று சொல்லி மீதிப் பணத்தைக் கேட்கிறீர்கள். டைல்ஸ் வரிசையிலோ பூச்சின் நேர்த்தியிலோ எனக்குக் குறை இல்லை. அந்த டைல்ஸுக்கு அடியில் எவ்வளவு எடையை எங்கள் கூரைமேல் ஏற்றியிருக்கிறீர்கள் என்பதுதான் என் புகார்.

உங்கள் விலைப்பட்டியலில் இருப்பது இது: செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய சுர்க்கித் தளத்தையும் அதன்மேல் உள்ள தட்டோட்டையும் ஸ்லாப் வரை உடைத்து எடுப்பது, தண்ணீர் வடியும்படி சராசரி 2 இன்ச் கனத்தில் வாட்டக் கலவை போடுவது, அதன்மேல் டைல்ஸ் பதிப்பது. நாங்கள் ஊரில் இல்லாத வாரத்தில் உங்கள் ஆட்கள் உடைக்கும் வேலையையே செய்யவில்லை. பழைய தட்டோட்டின் மேலேயே கலவையைக் கொட்டியிருக்கிறார்கள். அதோடு நிற்காமல், மேற்குப் பக்கம் இருந்த மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்துவிட்டு, மொத்தத் தண்ணீரையும் கிழக்குப் பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். ஒரே பக்கம் குழாய் போனால் பராமரிப்பு சுலபம் என்று உங்கள் தளப் பொறியாளர் விளக்கம் சொன்னார்.

மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவர் குள்ளமாகத் தெரிந்ததால்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. முன்பு 900 மி.மீ. இருந்த சுவர் இப்போது தரையிலிருந்து ஏறத்தாழ 730 மி.மீ.தான் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடும் மாடி அது. சுவர் குறையவில்லை, தரைதான் அந்த அளவுக்கு உயர்ந்திருக்கிறது. உங்கள் மேற்பார்வையாளரை வைத்துக்கொண்டே மூன்று இடத்தில் துளை போட்டுப் பார்த்தோம். டைல்ஸையும் அதைப் பதித்த கலவையையும் கழித்துவிட்டால், வாட்டக் கலவை மட்டும் கிழக்கு ஓரத்தில் 45 மி.மீ., நடுவில் 30 மி.மீ., மேற்கு ஓரத்தில் 135 மி.மீ. இருந்தது.

இது எப்படி ஆனது என்பதும் தெளிவு. எங்கள் மாடி 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். பழைய தளம் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் 60 மி.மீ. இறங்கும். அதன்மேல் மேற்கிலிருந்து கிழக்குவரை ஒரே வாட்டமாகக் கொண்டுபோக வேண்டுமென்றால், மேற்கே இருக்கும் பள்ளம் முழுவதையும் கலவையால் நிரப்பித்தான் ஆக வேண்டும். 9 மீட்டருக்கு 100-க்கு 1 வாட்டம் என்றால் 90 மி.மீ. ஏற்றம். நடுவில் பழைய முகட்டுக்கு மேல் குறைந்தது 30 மி.மீ. கலவையும் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டால் நாங்கள் அளந்த எண்கள் அப்படியே வருகின்றன. மாடி முழுவதற்கும் சராசரி பார்த்தால் 60 மி.மீ.தான், விலைப்பட்டியலில் சொன்ன 2 இன்ச்சைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். ஆனால் கிழக்குப் பாதியின் சராசரி 37.5 மி.மீ., மேற்குப் பாதியின் சராசரி 82.5 மி.மீ. நடுவில் உத்தரம் இருப்பதால் இவை இரண்டும் தனித்தனிப் பலகங்கள். மேற்கே ஹாலுக்கு மேல் இருக்கும் ஸ்லாப் தன் தலையில் உள்ளதைத்தான் சுமக்கும். கிழக்கே கனம் குறைவாக இருப்பது அதன் சுமையைக் குறைக்காது.

சரி, இந்தக் கனம் எத்தனை கிலோ? நான் பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன், இந்தக் கணக்கு எனக்குப் பழக்கமானது. ஒரு பொருளின் அலகு எடை, அதாவது ஒரு கன மீட்டரின் எடை, தெரிந்தால் போதும். கன மீட்டருக்கு 2,100 கிலோ உள்ள சிமெண்ட் கலவையை ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. கனத்துக்குப் பரப்பினால் 2.1 கிலோ. எத்தனை மி.மீ.யோ அத்தனையால் பெருக்க வேண்டியதுதான். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன் என்கிறது. ஏறத்தாழ 2,500 கிலோ. சுர்க்கிக்கு 1,900, தட்டோட்டுக்கு 2,000, உங்கள் கூல் டைல்ஸுக்கு 2,200 என்று எடுத்துக்கொண்டேன்.

உங்கள் கலவை 2,100 கிலோ வராது, லேசான கலவை என்று உங்கள் பொறியாளர் மறுத்ததால் அதையும் சோதித்தேன். துளை போட்டபோது உடைந்த துண்டைக் காய்ந்த நிலையில் தராசில் நிறுத்தினேன், 1.26 கிலோ. பிறகு இரவு முழுக்க ஊறவைத்து, விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் மூழ்கவிட்டு, வழிந்த தண்ணீரை அளந்தேன். ஊறாத துண்டு தண்ணீரைக் குடித்துவிடும், வழிவது குறைந்து அலகு எடை கூடுதலாகத் தெரியும். அதற்காகத்தான் ஊறவைப்பது. வழிந்தது 600 மில்லி. 1.26-ஐ 0.6-ஆல் வகுத்தால் 2.1. இது சாதாரண சிமெண்ட், மணல் கலவைதான்.

இனி மேற்குப் பாதியை ஒரு சதுர மீட்டருக்குப் பார்ப்போம். ஸ்லாப் 150 மி.மீ., அதன் சொந்த எடை 375 கிலோ. கீழே கூரைப்பூச்சு 12 மி.மீ., 25 கிலோ. பழைய தளத்தில் சுர்க்கி சராசரி 75 மி.மீ., அதற்கு 143 கிலோ. தட்டோடு 20 மி.மீ., 40 கிலோ. இரண்டுக்கும் நடுவே உள்ள 12 மி.மீ. கலவை 25 கிலோ. ஆக பழைய தளம் மட்டும் 208 கிலோ. இதன்மேல் நீங்கள் போட்டது: வாட்டக் கலவை 82.5 மி.மீ.க்கு 173 கிலோ, டைல்ஸ் பதித்த 20 மி.மீ. கலவைக்கு 42 கிலோ, 12 மி.மீ. டைல்ஸுக்கு 26 கிலோ. மொத்தம் 241 கிலோ.

வீடு கட்டியபோது வடிவமைத்த பொறியாளரின் வரைபடம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஸ்லாபுக்கு மேலே வரும் தளத்துக்கு அவர் விட்டிருப்பது சதுர மீட்டருக்கு 200 கிலோ. ஆட்கள் நடமாடும் மாடி என்பதால் ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி சொல்லும் 1.5 கிலோநியூட்டன், அதாவது 150 கிலோ, தனியாகச் சேர்த்திருக்கிறார். ஸ்லாபும் பூச்சும் சேர்ந்து 400. ஆகவே அவர் கணக்கில் எல்லாம் சேர்த்து 750 கிலோ. இன்று அதே இடத்தில் 400, 208, 241, 150 என்று கூட்டினால் 999 கிலோ வருகிறது. மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. பழைய தளம் ஒன்றே அவர் விட்ட 200 கிலோவை நிரப்பிவிட்டிருந்தது. நீங்கள் ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் அந்த அனுமதிக்கு வெளியே இருக்கிறது. மேற்குப் பாதியின் 54 சதுர மீட்டருக்கும் சேர்த்துச் சொன்னால் 13 டன்.

“சதுர அடிக்கு 10 கிலோகூட வராது சார்” என்றார் உங்கள் பொறியாளர். 241 கிலோவைச் சதுர அடிக்கு மாற்றினால் 22 கிலோவுக்கு மேல் வருகிறது. டைல்ஸையும் அதைப் பதித்த கலவையையும் மட்டும் எடுத்துக்கொண்டால் சுமார் 6 கிலோ. எடையில் பெரும்பங்கு வாட்டக் கலவையில் இருக்கிறது. டைல்ஸ் பெட்டியில் அச்சிட்ட எடையைப் பார்த்துச் சொல்கிறவர்கள் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மாடியில் விசேஷம் வைத்தால் நூறு பேர் நிற்கிறார்களே, அதைவிடவா இது அதிகம் என்றும் கேட்டார். அந்த ஆட்களுக்காகத்தான் 150 கிலோ விட்டிருக்கிறது, அவர்கள் சாயங்காலம் இறங்கிப் போய்விடுவார்கள். கலவை போகாது. நிலையான சுமைக்குக் கீழே கான்கிரீட் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே இருக்கும். இன்று ஏற்றிய அன்று தெரியாத வளைவு பிறகுதான் தெரியும். ஹால் கூரையின் நடுவே நீளவாக்கில் மயிரிழை விரிசல், மாடியில் நடுப்பகுதியில் தண்ணீர் தேங்குவது என்று அது வெளிப்படும். போதாக்குறைக்கு, கசிவால் ஏற்கெனவே ஈரம் குடித்திருந்த சுர்க்கியை மேலே அடைத்துவிட்டீர்கள். அந்த ஈரத்துக்கு இனி கீழ்ப்பக்கம்தான் வழி, ஸ்லாப் கம்பி இருக்கும் பக்கம்.

நாளைக்கே கூரை இறங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஐ.எஸ். 456 முறைப்படி சுமையை 1.5-ஆல் பெருக்கித்தான் ஸ்லாபை வடிவமைக்கிறார்கள், கம்பியின் வலிமையிலும் தனியாக ஒதுக்கு உண்டு. அதை வைத்துத்தான் அது இன்று நிற்கிறது. ஆனால் அந்த ஒதுக்கு, கட்டும்போது கம்பி கொஞ்சம் இறங்கியிருந்தால், கான்கிரீட் சற்றுத் தரம் குறைந்திருந்தால் தாங்குவதற்காக வைத்தது. ஒப்பந்தக்காரர் உடைப்புக் கூலியை மிச்சப்படுத்துவதற்காக வைத்தது அல்ல. 750 கிலோவுக்குப் பெருக்கி வைத்த 1.5, 999 கிலோவுக்கு வெறும் 1.13 ஆகிவிட்டது. எங்கள் குடும்பம் படுத்துத் தூங்குவது அந்த ஸ்லாபுக்குக் கீழே.

ஆகவே நான் கேட்பது இது. புதிய டைல்ஸ், கலவை, பழைய தட்டோடு, சுர்க்கி எல்லாவற்றையும் விலைப்பட்டியலில் சொன்னபடி ஸ்லாப் வரை உங்கள் செலவில் அகற்றுங்கள். அடைத்த மேற்குக் குழாய் வாய்களைத் திறந்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 100-க்கு 1 வாட்டம் கொடுங்கள். அப்போது வாட்டக் கலவை ஓரத்தில் 30, நடுவில் 75, சராசரி 52.5 மி.மீ. வரும். நீங்களே விலை போட்ட 2 இன்ச் அதுதான். அதன் எடை 110 கிலோ, டைல்ஸும் அதன் கலவையும் 68, ஆக 178 கிலோ. 200-க்குள் அடங்கிவிடும், கைப்பிடிச் சுவரும் பழைய உயரத்துக்கு வந்துவிடும்.

உடைக்கும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உடைத்த கட்டிகளை மாடி நடுவில் குவிக்கக் கூடாது. அரை மீட்டர் உயரக் குவியலே சதுர மீட்டருக்கு 600 கிலோவைத் தாண்டிவிடும். அன்றன்றைக்கு உடைத்ததை அன்றன்றே கீழே இறக்க வேண்டும். ஸ்லாபை அதிரவைக்கும் பெரிய பிரேக்கர் வேண்டாம், உளியும் சிறிய கை இயந்திரமும் போதும். ஸ்லாப் வெளியே தெரிந்த பிறகு, நீங்கள் கலவை போடும் முன், தகுதியுள்ள கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து ஸ்லாபைப் பார்த்து, சுமைக் கணக்கில் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

இவை முடியும்வரை மீதித் தொகையைக் கொடுக்க மாட்டேன். துளை போட்டபோது எடுத்த படங்கள், அளவுகள், பழைய வரைபடத்தின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். என் கூட்டலில் தவறு இருப்பதாக நினைத்தால் எந்தக் கனம், எந்த அலகு எடை என்று குறிப்பிட்டு எழுத்தில் பதில் தாருங்கள். தொலைபேசியில் சொல்லும் சமாதானம் எனக்கு வேண்டாம். 15 நாட்களுக்குள் வேலை தொடங்கும் தேதியை எழுத்தில் தெரிவிக்காவிட்டால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்