அந்த ஷீட்டை மாத்துங்க: டிரேடிங் கிளாஸ் நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, வணக்கம்.

உங்க கிளாஸ் பேரை நான் இங்க எழுதல, இதைப் படிச்சா உங்களுக்கே தெரியும். கிளாஸ் முடிக்கிற எல்லாருக்கும் ஒரு எக்செல் ஷீட் குடுக்குறீங்க. வின் ரேட்டைப் போட்டா, ஒரு டிரேடுக்கு கேப்பிட்டல்ல எத்தனை சதவீதம் ரிஸ்க் எடுக்கலாம்னு பச்சைக் கலர் செல்லுல வரும். உள்ள இருக்கறது கெல்லி ஃபார்முலா, f = (bp − q) / b. p ஜெயிக்கிற வாய்ப்பு, q தோக்கிற வாய்ப்பு, b ஒரு ரூபா ரிஸ்குக்கு கிடைக்கிற லாபம். ஃபார்முலாவுல ஒரு தப்பும் இல்ல. நீங்க அதுக்குள்ள போடச் சொல்ற நம்பர்தான் பிரச்சினை.

என் தங்கச்சி வீட்டுக்காரர் உங்க ஸ்டூடண்ட். பழைய விலைகள்ல உங்க ரூலை ஓட்டிப் பார்த்த பேக்டெஸ்ட்ல 400 டிரேடுக்கு 220 ஜெயிச்சிருக்கு, 55%. நஷ்டத்தை வெட்டுற ஸ்டாப்லாஸும் லாபத்தை எடுக்குற டார்கெட்டும் ஒரே தூரம், அதனால b ஒண்ணு. ஷீட் 10%னு காட்டுச்சு. 5 லட்சம் போட்டாரு, அதுல 2 லட்சம் தங்கச்சியோட நகையை வச்சு வாங்கினது. ஒவ்வொரு டிரேடுக்கும் அப்போ கையில இருக்கறதுல சரியா 10%, ஒரு தடவை கூட மீறல, டைரியில எழுதி வச்சிருக்காரு. நூறு டிரேட் முடிஞ்சப்போ 52 ஜெயிச்சிருந்தாரு, 48 தோத்திருந்தாரு. நாலு டிரேட் அதிகமா ஜெயிச்சவருக்கு லாபம் வந்திருக்கணும்ல? கையில இருந்தது 4 லட்சத்து 52 ஆயிரம்.

இது எப்படின்னு உங்க கிளாஸ்ல யாரும் அவருக்கு சொல்லல, அதனால நான் சொல்றேன். ஒரு தடவை 10% ஏறி ஒரு தடவை 10% இறங்குனா பழைய இடத்துக்கு வராது, நூறு ரூபா 99 ஆயிடும். ஒவ்வொரு ஜோடிக்கும் இந்த ஒரு சதவீதம் போய்க்கிட்டே இருக்கும். 48 ஜோடி, அதாவது 0.99ஐ 48 தடவை பெருக்கினா 0.617. மீதி நாலு வெற்றி அதை 1.46 மடங்கு தூக்குது, கடைசியில 0.904. அதே டிரேடுகளை அதே வரிசையில 5% ரிஸ்குல செஞ்சிருந்தா 5 லட்சத்து 39 ஆயிரம் இருந்திருக்கும். மாறினது ஸ்டேக் மட்டும்தான்.

நடுவுல இன்னொண்ணு நடந்துச்சு. ஐந்தரை லட்சம் பக்கத்துல இருந்தப்போ வரிசையா ஏழு ஸ்டாப்லாஸ் அடிச்சு 2 லட்சத்து 64 ஆயிரத்துக்கு இறங்கிடுச்சு. அன்னைக்கு ராத்திரி போன் பண்ணி "நான் ரூலை மீறவே இல்லையே மச்சான், அப்புறம் ஏன்?"னு கேட்டாரு. தங்கச்சி கிட்ட அதுவரைக்கும் சொல்லல, அடகு வட்டி கட்ட வேண்டிய வாரம் அது. ஒழுங்கா ரூலை ஃபாலோ பண்ற ஆளுக்கு "டிசிப்ளின் இல்ல, சைக்காலஜி சரியில்ல"ன்னு உங்க குரூப்ல பதில் வந்துச்சு பாருங்க, எனக்கு அதுதான் தாங்கல. ரெண்டு பக்க டைரியைப் பார்த்திருந்தாலே தப்பு அவர் மேல இல்லன்னு தெரிஞ்சிருக்கும்.

55ங்கிற நம்பரை வேதவாக்கா வச்சதுதான் தப்பு. 400 டிரேட்ல வந்த 55%க்கு ஸ்டாண்டர்ட் எரர், அதாவது வெறும் அதிர்ஷ்டத்தால நம்பர் வழக்கமா ஆடுற அளவு, ரெண்டரை சதவீதம். ரெண்டு பக்கமும் அதுல ரெண்டு மடங்கு விட்டுப் பார்த்தா, நிஜம் 50லேர்ந்து 60 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம்னு அர்த்தம். 60னா ஃபார்முலா 20% போடச் சொல்லும், 52னா 4%, 50னா ஒண்ணுமே போடாதேங்கும். இவ்வளவு அகலமான பதிலை மறைச்சிட்டு ஒரே ஒரு 10%ஐ பச்சைக் கலர்ல காட்டுறீங்க.

நீங்க ஒரு கேள்வி கேப்பீங்க, நிஜம் மேலயும் இருக்கலாம் கீழயும் இருக்கலாம், சராசரியில சரியாயிடாதான்னு. நியாயமான கேள்விதான். 55 நிஜமாவே நடுவுல இருக்கற நம்பர்னா அந்த வாதம் ஓரளவு நிக்கும். ஆனா உங்க வீடியோவுலயே 12 ரூலை டெஸ்ட் பண்ணி பெஸ்டை எடுத்தோம்னு சொல்றீங்க. 12 நாணயத்தை ஒவ்வொண்ணையும் 400 தடவை சுண்டி, அதிகமா தலை விழுந்த நாணயத்தை எடுத்துப் பாருங்க, அதுலயே 54% பக்கம் வரும், அதுக்குள்ள ஒரு திறமையும் இல்ல. பெஸ்டுன்னு பொறுக்கி எடுத்த நம்பர் பெரும்பாலும் நிஜத்தை விட உசரமாத்தான் இருக்கும், லைவ்ல கீழ வரத்தான் செய்யும்.

அப்படி கீழ வரும்போது ஸ்டேக் அதிகமா இருந்தா அடி பலம். சரியான ஸ்டேக்ல பாதி போட்டா நீண்டகால வளர்ச்சியில கால்வாசிதான் போகும். ரெண்டு மடங்கு போட்டா கிட்டத்தட்ட வளர்ச்சியே இருக்காது, அதுக்கும் மேல போனா பணம் தேயும். மாப்பிள்ளை போட்டது, நிஜம் 52%னா, ரெண்டரை மடங்கு. இதுல புரோக்கரேஜ், எஸ்டிடி எல்லாம் இன்னும் சேர்க்கல. அதெல்லாம் போய் நூறு ரூபா ரிஸ்குக்கு 95 ரூபாதான் கைக்கு வருதுன்னா, இதே 52%க்கு உங்க ஃபார்முலாவே ஒன்றரை சதவீதம்தான் போடச் சொல்லும்.

1956ல பெல் லேப்ஸ்ல கெல்லி இதை எழுதினப்போ, இரைச்சலான லைன்ல முன்கூட்டியே ரிசல்ட் வாங்குற ஒரு சூதாடியை வச்சு எழுதினாரு, அந்த லைன் எத்தனை தடவை தப்பும்னு அந்த ஆளுக்குத் தெரியும். கணக்கு வாத்தியார் எட்வர்ட் தோர்ப் பிளாக்ஜாக் சீட்டாட்டத்துல இதை எடுத்துக்கிட்டப்போ, போன சீட்டை எண்ணி மீதி சீட்டுல வாய்ப்பு எவ்வளவுன்னு அவரால கணக்குப் போட முடிஞ்சுது. நிஃப்டி ஆப்ஷன்ல அப்படி எண்ணுறதுக்கு சீட்டுக்கட்டு எங்க ஐயா இருக்கு? p சரியாவே தெரிஞ்சாலும், ஃபார்முலா சொல்றதை அப்படியே போடுற முழு கெல்லியில என்னைக்காவது பணம் பாதியாகுற வாய்ப்பு சுமார் ரெண்டுல ஒண்ணு. பாதி கெல்லியில எட்டுல ஒண்ணு. இதையும் கிளாஸ்ல ஒரு வரி சொல்லல.

2021-22லேர்ந்து மூணு நிதியாண்டுல ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் டிரேடிங் பண்ண ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம்னு செபியே சொல்லிடுச்சு. அந்த லிஸ்ட்ல வந்து சேர்ற ஆளுங்க கிட்ட ஃபீஸ் வாங்கிட்டு முழு ஸ்டேக்கைக் கையில குடுத்து அனுப்புறது எந்த விதத்துல நியாயம்? கோவத்துல கொஞ்சம் அதிகமா பேசிட்டேன்னா மன்னிச்சுக்கோங்க. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், அந்த ஷீட்டை மாத்துங்க. வின் ரேட்டுக்குப் பக்கத்துல எத்தனை டிரேடுன்னு ஒரு செல் வைங்க, ஒரு ஸ்டாண்டர்ட் எரர் கழிங்க, வர்றதுல பாதி மட்டும் காட்டுங்க. உங்க ஷீட் மாதிரி b ஒண்ணா இருக்கறதுக்கு, B2ல வின் ரேட், B3ல டிரேட் எண்ணிக்கைன்னா இது போதும்:

```
=MAX(0, 2*(B2-SQRT(B2*(1-B2)/B3))-1)/2
```

0.55, 400 போட்டா ரெண்டரை சதவீதம் வரும். மாப்பிள்ளையோட அதே நூறு டிரேடுக்கு அது 5 லட்சத்து 36 ஆயிரம் குடுத்திருக்கும், ஏழு ஸ்டாப்லாஸ் வரிசையா அடிச்ச வாரத்துல இறங்கினது சுமார் 16%தான். உங்க பழைய ஸ்டூடண்ட்ஸ் இன்னும் அந்த 10% செல்லைப் பார்த்துதான் தினமும் காலையில ஆர்டர் போடுறாங்க. புது ஷீட்டை அவங்களுக்கும் அனுப்பி, ஏன் மாத்தினோம்னு ரெண்டு வரி எழுதிடுங்க, தயவுசெஞ்சு அடுத்த பேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே.

இப்படிக்கு,
உங்க ஸ்டூடண்ட் ஒருத்தரோட மச்சான்